நாற்பதை நெருங்கும்போது இந்தி: என் காதும் என் மகளின் காதும்

டில்லிக்கு மாற்றல் வந்த வருடம் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையும் ஒன்றாக இந்தி கற்க ஆரம்பித்தோம். மகளுக்கு 6 வயது, எனக்கு 39, மாமியாருக்கு 66. மதுரையில் இருந்தவரை மூவருக்குமே இந்தி தேவைப்பட்டதில்லை. கிளம்பும் முன்பு சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்: “பாப்பா மூணே மாசத்துல பிடிச்சுக்குவா. உங்க ரெண்டு பேருக்கும்தான் சிரமம்.”

அதில் பாதி சரி, பாதி சரியில்லை. எந்தப் பாதி சரி என்று தெரிந்துகொண்ட பிறகுதான், எதில் உழைத்தால் பலன் கிடைக்கும், எதை அவசரப்படாமல் விட்டுவிடலாம் என்று எனக்குப் பிரித்துப் பார்க்க முடிந்தது. நடுத்தர வயதில் குடும்பத்தோடு வடக்கே போகிறவர்களுக்கு இது உதவும் என்று உறுதியாக நம்புகிறேன். அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் சரியில்லாத பாதி. குழந்தைகள் வேகமாகக் கற்பார்கள் என்பது, குறைந்தபட்சம் முதல் வருடத்தில், உண்மையில்லை. நாங்கள் மயூர் விஹார் ஃபேஸ் ஒன்னில் குடியேறினோம். பள்ளிக்குப் போன என் மகள் முதல் சில மாதங்கள் இந்தியில் வாயே திறக்கவில்லை. டீச்சர் கூப்பிட்டுக் கவலைப்பட்டார். அதே காலத்தில் நான் தேவநாகரி எழுத்து படித்து, வினைச்சொல் அட்டவணை எழுதி, ஆட்டோக்காரரிடம் வழி சொல்லவும் வங்கிக் கவுன்டரில் வாடிக்கையாளருக்கு பாஸ்புக் விவரம் சொல்லவும் தேறிவிட்டேன். மாடி வீட்டில் ஓய்வு பெற்ற இந்தி ஆசிரியை ஒருவர் இருந்தார். நாங்கள் எல்லோரும் அவரை ஆன்ட்டி என்றே கூப்பிடுவோம். அவர் எங்கள் இருவரையும் உட்காரவைத்து ஒரே படத்தைக் காட்டிக் கதை சொல்லச் சொன்னபோது, நான் தட்டுத் தடுமாறி ஒரு கதையை முடித்தேன். மகள் நாலைந்து பெயர்ச்சொற்களோடு நிறுத்திக்கொண்டாள்.

இது எங்கள் வீட்டு விசேஷம் இல்லை. 1978-இல் கேத்தரின் ஸ்னோ, மரியன் ஹூஃப்நாகல்-ஹோலே என்ற இரு ஆய்வாளர்கள் இதையே நெதர்லாந்தில் பார்த்திருக்கிறார்கள். அங்கே வந்து குடியேறிய ஆங்கிலம் பேசும் குடும்பங்களை, டச்சு மொழியை எப்படிக் கற்கிறார்கள் என்று முதல் வருடம் முழுவதும் இடைவெளி விட்டுச் சோதித்தார்கள். முதல் சில மாதங்களில் முந்தியவர்கள் பெரியவர்களும் 12 முதல் 15 வயதுப் பிள்ளைகளும்தான். 3 முதல் 5 வயதுக் குழந்தைகள்தான் கடைசியில் நின்றார்கள். வருடம் முடியும்போது 8 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் பெரியவர்களைத் தாண்டியிருந்தார்கள்.

காரணம் சுலபமானது. பெரியவருக்கு ஒரு மொழி ஏற்கெனவே முழுசாகத் தெரியும். காலம், இடம், வேற்றுமை, நிபந்தனை இதெல்லாம் என்ன என்று மறுபடி கற்க வேண்டியதில்லை. இந்தியில் அதற்கு என்ன உருபு என்று கேட்டால் போதும். விதியைச் சொன்னால் புரிந்துகொள்ளவும், பட்டியலை மனப்பாடம் செய்யவும், தெரியாததைத் துணிந்து கேட்கவும் பழகியிருக்கிறார். குழந்தையிடம் இந்த வசதிகள் எதுவும் இல்லை. ஆயிரக்கணக்கான வாக்கியங்களைக் கேட்டுக் கேட்டுத்தான் அது ஒழுங்கைப் பிடிக்க வேண்டும். அதனால் கேட்கும் நேரம் குறைவாக இருக்கிற இடத்தில் குழந்தைக்கு எந்த அனுகூலமும் கிடைப்பதில்லை. பார்சிலோனா பள்ளிகளில் 8 வயதில் ஆங்கிலம் தொடங்கியவர்களையும் 11 வயதில் தொடங்கியவர்களையும், ஒரே அளவு வகுப்பு நேரம் முடிந்த கட்டத்தில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, பிந்தித் தொடங்கியவர்களே முன்னால் இருந்தார்கள். ஊரில் இருந்துகொண்டு எல்கேஜி குழந்தையை வாரத்தில் இரண்டு மணி நேர இந்தி வகுப்புக்கு அனுப்புகிறவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். அந்த வயதின் பலம் அந்த இரண்டு மணி நேரத்தில் வேலை செய்யாது.

இப்போது சரியான பாதி. இரண்டாம் வருடத்தில் மகள் என்னைத் தாண்டிப் போய்விட்டாள். எங்கே தாண்டினாள் என்பதுதான் முக்கியம். சொல்வளத்தில் இல்லை, அலுவலகம், மருத்துவம், வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றுக்கும் சேர்த்து இன்றும் எனக்குத்தான் அதிகச் சொற்கள் தெரியும். அவள் தாண்டியது இரண்டு இடங்களில். ஒன்று உச்சரிப்பு. இன்னொன்று பால் பொருத்தம், அதாவது பெயர்ச்சொல் ஆண்பாலா பெண்பாலா என்பதற்கேற்ப வினை, வாக்கியம் ஓடும் வேகத்திலேயே தானாகச் சரியாக விழுவது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு பேசும்போது அவளைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் டில்லிக் குழந்தை என்றே நினைப்பீர்கள்.

இதைத்தான் சென்சிடிவ் பீரியட் என்கிறார்கள். 1967-இல் எரிக் லென்னபெர்க், மொழி கற்க ஏறக்குறைய 2 வயதிலிருந்து பூப்பெய்தும் பருவம் வரை ஒரு குறிப்பிட்ட காலகட்டம் உண்டு என்று எழுதினார். அவர் அப்போது பயன்படுத்திய கிரிட்டிகல் பீரியட் என்ற பேச்சு, கதவு ஒரு நாள் சாத்தப்படும் என்பதுபோல் கேட்கும். பின்னால் வந்தவர்களில் பலர் சென்சிடிவ் பீரியட் என்று தளர்த்திச் சொன்னார்கள். அந்தக் காலத்தில் பழக்கம் ஆழமாகப் பதியும், அப்புறம் பதிவது குறையும், ஆனால் நின்றுபோகாது என்பது அதன் பொருள்.

இதற்கு ஆதாரமாக அதிகம் எடுத்துக்காட்டப்படுவது ஜாக்குலின் ஜான்சனும் எலிசா நியூபோர்ட்டும் 1989-இல் வெளியிட்ட ஆய்வு. சீன, கொரிய மொழி பேசும் 46 பேர், 3 வயதிலிருந்து 39 வயதுக்குள் வெவ்வேறு வயதில் அமெரிக்கா வந்தவர்கள். ஆங்கில வாக்கியங்களைக் கேட்கவைத்து, இது சரியா தவறா என்று சொல்லச் சொன்னார்கள். 7 வயதுக்குள் வந்தவர்கள் அங்கேயே பிறந்தவர்களைப் போல் செய்தார்கள். அதற்கு மேல் வந்த வயது கூடக் கூட மதிப்பெண் இறங்கியது. பெரியவர்களாகி வந்தவர்களிடம் வயதுக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு இல்லை. ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம். எனக்கு இந்தக் கடைசி விஷயம்தான் பெரிதாகத் தெரிகிறது. 25-இல் வந்தவரா 35-இல் வந்தவரா என்பது முடிவைத் தீர்மானிக்கவில்லை. வேறு எதுவோ தீர்மானிக்கிறது.

2018-இல் ஹார்ட்ஷோர்ன், டெனன்பாம், பிங்கர் மூவரும் இணையத்தில் ஓர் இலக்கண வினாவிடை வைத்து, சுமார் 6.7 லட்சம் பேரின் விடைகளை அலசினார்கள். இலக்கணம் கற்கும் திறன் ஏறக்குறைய 17 வயது வரை குறையாமல் இருக்கிறது, பிறகுதான் இறங்குகிறது என்றார்கள். தாய்மொழிக்காரர் அளவுக்கு வர வேண்டுமானால் 10, 12 வயதுக்குள் தொடங்கியிருக்க வேண்டும், ஏனென்றால் அந்த அளவை எட்டவே பல வருடம் பிடிக்கிறது என்பதும் அவர்கள் கணக்கு. அதே தரவை மறுபடி அலசிய வேறு ஆய்வாளர்கள், எல்லா வகைக் கற்போரிடமும் அப்படி ஒரே வயதில் திருப்பம் தெரியவில்லை என்றார்கள். ஆக, எந்த வயதில், எதனால் என்பதில் இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை. இறக்கம் உண்டு என்பதில் பெரிதாக மாற்றுக்கருத்து இல்லை.

ஒன்றை மட்டும் பிரித்துச் சொல்ல வேண்டும். இந்தக் காலகட்டம் மிகக் கடுமையாக வேலை செய்வது முதல் மொழிக்கு. ரேச்சல் மேபெரி காது கேளாதவர்களிடம் செய்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. பேச்சு மொழி கற்ற பிறகு காது கேட்காமல் போய், அதற்கு அப்புறம் சைகை மொழி கற்றவர்கள், அதே வயதில் சைகை மொழியைத் தங்கள் முதல் மொழியாகத் தொடங்கியவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். சிறு வயதில் ஏதாவது ஒரு மொழி முழுசாகக் கிடைத்துவிட்டால், பின்னால் வரும் மொழிக்கு அது முட்டுக்கொடுக்கிறது. 39 வயதில் இந்தி கற்ற எனக்குப் பின்னால் தமிழ் இருந்தது. அது பெரிய பலம். ஒரு சில இடங்களில் மட்டும் அதுவே தடை. அந்த ஒரு சில இடங்கள் எவை என்று கண்டுபிடித்து அங்கே மட்டும் வேலை செய்தால் போதும்.

எனக்கு அந்த இடம் காது.

நம் வீட்டில் சுலோகப் புத்தகங்களில் க², க³, க⁴ என்று தலையில் எண் போட்டு அச்சடித்திருப்பார்கள். அதையே இங்கும் பயன்படுத்துகிறேன். இந்தியில் கடீ³ என்றால் சங்கிலிக் கண்ணி, க²டீ³ என்றால் நின்றுகொண்டிருப்பது, க³டீ³ என்றால் புதைந்திருப்பது, க⁴டீ³ என்றால் கடிகாரம். நான்கும் நான்கு சொற்கள். தமிழில் எழுதினால் நான்கும் ஒன்று. நம் மொழியில் கல், அகம், தங்கம் மூன்றிலும் க வேறு வேறு ஓசையோடுதான் வருகிறது. ஆனால் அந்த ஓசை இடத்தைப் பொறுத்துத் தானாக மாறுவதால், அதை வைத்துப் பொருளைப் பிரிக்க வேண்டிய அவசியம் நமக்கு வந்ததே இல்லை. அவசியம் இல்லாததைக் கவனிக்காமல் தள்ளிவிட மூளை கைக்குழந்தை வயதிலேயே பழகிவிடுகிறது.

இதை ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் கனடாவில் சோதித்தார்கள். 1984-இல் வந்த அந்த ஆய்வில் அவர்கள் எடுத்துக்கொண்ட ஓசைகளில் ஒன்று இந்தியின் த, ட வேறுபாடு. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைக்கு ஒரே ஓசையைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு, நடுவில் மாற்றுவார்கள். மாற்றம் கேட்டுத் தலையைத் திருப்பினால் ஒரு பொம்மை ஆடும். 6 முதல் 8 மாதக் குழந்தைகள் அந்த மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். 10 முதல் 12 மாதத்தில் பெரும்பாலோரால் முடியவில்லை. தமிழ்க் குழந்தைக்கு அந்த த, ட சோதனை வைத்தால் சிரமமே இருக்காது, தத்தையும் தட்டையும் நமக்கு எப்போதும் வேறுதானே. நமக்குக் கொடுத்துவைத்த இன்னொன்றும் உண்டு. க⁴டீ³ நடுவில் வரும் அந்த ஓசை பிற நாட்டவரைப் படாதபாடு படுத்தும். ‘வீடு’ என்று இயல்பாகச் சொல்லும்போது வரும் டு-வில் நம் நாக்கு அதையேதான் செய்கிறது. நமக்கு இல்லாதது மூச்சு கலந்த எழுத்துகள், அதாவது இரண்டாம், நான்காம் எழுத்துகள்.

அப்படியானால் ஒரு வயதிலேயே எல்லாம் முடிந்துவிட்டதா? இல்லை. என் மகளும் அந்த ஒரு வயதைத் தமிழ் மட்டும் கேட்டுத்தான் கடந்தாள், 6 வயதில் வந்து நான்கு க-வையும் பிடித்தாள். ஒரு வயதில் நடப்பது காது அடைபடுவது இல்லை, கவனம் ஓர் ஒழுங்குக்குள் வருவது. பிறகு அந்த ஒழுங்கை மாற்றலாம், வயது ஏற ஏற அதற்கு அதிக உழைப்பும் சரியான பயிற்சியும் தேவைப்படும்.

சரி, என்ன பயிற்சி? முதலில் குறை காதிலா வாயிலா என்று பார்க்க வேண்டும். நான் ஆன்ட்டியிடம் சொல் ஜோடிகள் எழுதிய காகிதத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தேன். பா³த் என்றால் பேச்சு, பா⁴த் என்றால் சோறு. தா³ன் என்றால் தானம், தா⁴ன் என்றால் நெல். பல் என்றால் நொடி, ப²ல் என்றால் பழம். கா²னா சாப்பாடு, கா³னா பாட்டு. அவர் ஜோடியில் ஏதாவது ஒன்றைச் சொல்வார், நான் முதலாவதா இரண்டாவதா என்று குறிப்பேன். ஒவ்வொரு வகைக்கும் 20 முறை. குத்துமதிப்பாகச் சொன்னாலே 10 சரியாக வரும், அதனால் 10, 11 என்றால் காது எதையும் பிரிக்கவில்லை என்று அர்த்தம். 15-க்கு மேல் வந்தால் அதிர்ஷ்டம் என்று தள்ள முடியாது. பிறகு இடம் மாறி, நான் சொல்ல அவர் குறித்தார்.

முடிவு எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கா²னா, கா³னா வித்தியாசம் சுலபமாக வந்தது. பஸ், குரு, டாக்டர் என்று இரவல் சொற்களைப் பேசிப் பேசி நம் காது அழுத்தமான ஓசையைப் பிரிக்கப் பழகியிருக்கிறது. பல், ப²ல் பிரச்சினையே இல்லை. காரணம், டில்லியில் நிறையப் பேர் அதை ஃபல் என்றே சொல்கிறார்கள். முழுக்கக் குருடாக இருந்தது ப³-ப⁴, த³-த⁴ இரண்டிலும்தான். காதே பிரிக்காத ஓசையை வாய் எப்படிப் பிரிக்கும்? அதுவரை நான் செய்துகொண்டிருந்தது ‘திரும்பச் சொல்லு’ பயிற்சி. ஒரே சொல்லை நூறு முறை சொன்னாலும், சரியாகச் சொன்னேனா என்று கேட்டுத் திருத்த உள்ளே ஆள் இல்லை.

காதுக்கான பயிற்சி முறை ஜப்பானியர்களை வைத்து உருவானது. அவர்களுக்கு ஆங்கிலத்தின் ர, ல இரண்டும் ஒன்றாகக் கேட்கும். 1991-இல் லோகன், லைவ்லி, பிசோனி மூவரும் அப்படிப்பட்ட பெரியவர்களுக்கு, பலர் குரலில் பதிவு செய்த சொல் ஜோடிகளைக் கேட்கவைத்து, விடை சொன்ன உடனே சரியா தவறா என்று காட்டினார்கள். சில வாரங்களில் காது தேறியது. அதுவரை கேட்டிராத சொற்களிலும் கேட்டிராத குரலிலும்கூட அவர்களால் பிரிக்க முடிந்தது. தொடர்ந்து வந்த ஆய்வுகளில் இரண்டு விஷயங்கள் தெரிந்தன. ஒரே ஒருவர் குரலில் பயிற்சி செய்தவர்களுக்குப் புதுக் குரலில் அது கைகொடுக்கவில்லை. பலர் குரலில் காதை மட்டும் பழக்கியவர்களுக்கு, பேசும் பயிற்சி எதுவும் தராமலேயே உச்சரிப்பும் ஓரளவு சீரானது. மூன்று மாதம் கழித்துச் சோதித்தபோதும் அது நிலைத்திருந்தது.

நான் செய்தது இதன் வீட்டு வடிவம். அலுவலகத்தில் இருவர், ஆன்ட்டி, அவர் பேரன், எங்கள் குடியிருப்புக் காவலாளி என்று ஐந்து பேரிடம் ஒரே சொல் பட்டியலைக் கைபேசியில் பதிவு செய்தேன். ஆண், பெண், சிறுவன், கட்டைக்குரல், கீச்சுக்குரல் எல்லாம் வேண்டும். ஒவ்வொரு சொல்லும் தனிக் கோப்பு, பெயருக்குப் பதில் எண். கலைத்துப் போட்டு ஒலிக்கவிட்டு, ஒவ்வொன்றுக்கும் விடை எழுதி, அடுத்ததற்குப் போகும் முன்பே சரிபார்த்துவிடுவேன். தவறானால் ஜோடியின் இரண்டு சொற்களையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுவிட்டு நகர்வேன். மெட்ரோவில் இயர்போனோடு பதினைந்து நிமிடம். அதற்கு மேல் போனால் காது களைத்துப்போய் எல்லாமே ஒன்றாகக் கேட்கும், அப்போது நிறுத்திவிட வேண்டும்.

பதிவு செய்யும் ஆளைத் தேர்ந்தெடுப்பதில் டில்லியில் ஒரு சிக்கல் உண்டு. பஞ்சாபி தாய்மொழியாக உள்ளவர்கள் பலர் இங்கே இருக்கிறார்கள். பஞ்சாபியில் சொல்லின் தொடக்கத்தில் வரும் நான்காம் எழுத்து மறைந்து, அதற்குப் பதிலாகக் குரல் தாழ்ந்து ஒலிக்கும். க⁴ர் என்பது அவர்கள் வாயில் கர் போலத் தொடங்கி, ராகம் மட்டும் இறங்கும். அந்தக் குரல்களை முதல் கட்டத்தில் சேர்த்தால் எதைத் தேடுவது என்றே தெரியாமல் போய்விடும். காது தேறிய பிறகு கட்டாயம் சேர்க்க வேண்டும், ஊரில் பலர் அப்படித்தானே பேசுகிறார்கள்.

எனக்குத் திருப்பம் வந்தது ஆன்ட்டி சொன்ன ஒரு வார்த்தையில். “மெய்யைக் கேட்காதே, பின்னால் வரும் உயிரைக் கேள்” என்றார். பா³த்-இல் ஆ பளிச்சென்று தொடங்கும். பா⁴த்-இல் அந்த ஆ-வின் முதல் கணம் பெருமூச்சு கலந்து, கொஞ்சம் தாழ்ந்து, உள்ளீடற்றதுபோல் வரும். நான்காம் எழுத்தில் குரல்நாண்கள் இறுக்கமாக மூடாமல் காற்றைக் கசியவிட்டபடியே அதிர்வதால் வரும் விளைவு அது, அடுத்த உயிருக்குள்ளும் நீளும். அங்கே கவனத்தை வைத்ததும் ப³-ப⁴ பிரியத் தொடங்கியது, த³-த⁴ பின்னாலேயே வந்தது. வாய்க்குப் போனது அதற்கு அப்புறம்தான். இரண்டாம் எழுத்துக்கு உதட்டின் முன் உள்ளங்கையை வைத்துக் காற்று படுகிறதா என்று பார்த்தால் போதும். நான்காம் எழுத்துக்கு அந்தச் சோதனை அவ்வளவு உதவாது; க³-வோடு ஹ-வைச் சேர்த்து மெதுவாகச் சொல்லி, இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும்.

எல்லை எங்கே என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமைதியான அறையில் எனக்கு இப்போது பெரும்பாலும் சரியாகக் கேட்கிறது. சந்தை இரைச்சலிலும் தொலைபேசியிலும் சட்டென்று இறங்கிவிடுகிறது, மகளுக்கு அப்படி இறங்குவதில்லை. தூ³த்⁴ போன்ற சொற்களின் கடைசியில் வரும் மூச்சை இங்குள்ளவர்களே மெலிதாகத்தான் சொல்கிறார்கள். அதைப் பிடிக்க நான் முயலவில்லை. சோர்ந்திருக்கும்போது என் பேச்சில் நான்காம் எழுத்துகள் மூன்றாம் எழுத்தாகிவிடுகின்றன. இது ஆன்ட்டியின் காதுக்குத்தான் தெரிகிறது, கவுன்டரில் யாருக்கும் தடங்கலாக இல்லை. மகள் அளவுக்கு வர வேண்டும் என்று நான் குறி வைக்கவில்லை. எதிராளி ஒரு சொல்லை இன்னொன்றாக எடுத்துக்கொள்ளாத அளவு போதும் என்று வைத்துக்கொண்டேன், அந்தக் குறி எட்டக்கூடியது.

இரண்டாவது இடம் பால் பொருத்தம். தமிழில் பால் பொருளிலிருந்து வருகிறது. நாற்காலி ஆணா பெண்ணா என்று நாம் கேட்பதில்லை. இந்தியில் சாய் பெண்பால், தூ³த்⁴ ஆண்பால். பெண்ணாகிய நான் “மைன் தூ³த்⁴ பீதீ ஹூன்” என்றால் வினை என்னோடு பொருந்துகிறது. முடிந்த செயலாகச் சொல்லும்போது “மைனே தூ³த்⁴ பியா” என்று வினை தூ³த்⁴ என்ற சொல்லோடு பொருந்திவிடும். சாய் என்றால் “மைனே சாய் பீ”. விதி ஒரு பக்கத்தில் அடங்கும், தேர்வில் முழு மதிப்பெண் வாங்கலாம். பேச்சில் வழுக்கும்.

இங்கே எனக்கு உதவியது, தவறுகளை இரண்டாகப் பிரித்தது. இரண்டு நிமிடம் நான் பேசியதைப் பதிவு செய்து ஆன்ட்டி குறித்துக் கொடுத்தார். ஒரு வகை, அந்தப் பெயர்ச்சொல்லின் பாலே எனக்குத் தெரியாதது. இன்னொரு வகை, பால் தெரிந்தும் வாக்கியக் கடைசிக்குள் மறந்துபோவது. முதல் வகைக்கு மருந்து, சொல்லைத் தனியாகக் கற்காமல் இருப்பது. சாய் என்று எழுதிவைக்காமல் ‘மேரீ சாய் ட²ண்டீ³ ஹோ க³யீ’ என்று முழுசாகவும், தூ³த்⁴ என்பதை ‘தூ³த்⁴ ட²ண்டா³ ஹோ க³யா’ என்றும் வாயில் போட்டுக்கொண்டேன். ஈ-யில் முடிந்தால் பெண்பால் என்ற சுருக்கு வழி பெரும்பாலும் சரிதான், ஆனால் பானீ, கீ⁴ என்று தினமும் புழங்கும் சொற்களே விலக்காக வருவதால் அவற்றை முதலிலேயே தனியே படித்துவிட வேண்டும். இரண்டாம் வகைக்கு வேகம்தான் காரணம். அதற்கு விதியைத் திரும்பப் படிப்பதால் ஒன்றும் ஆகாது; ஒரே வாக்கியச் சட்டத்தில் பெயரை மட்டும் மாற்றி மாற்றி, யோசிக்க நேரம் தராமல் சொல்லிப் பழக வேண்டும். இதில் என் முன்னேற்றம் ஓசையில் கிடைத்ததைவிட மெதுவானது. இன்னமும் நீண்ட வாக்கியத்தில் தவறுகிறேன். மகளுக்கு விதியே தெரியாது, ஆனால் தவறாகச் சொன்னால் “அப்படிச் சொல்ல மாட்டாங்கம்மா” என்கிறாள்.

இத்தனையும் வயதால் மட்டும் என்று சொல்லிவிட முடியாது. அவள் பள்ளியிலும் விளையாட்டுத் திடலிலுமாக நாள் முழுக்க இந்தியில் கிடக்கிறாள், அவளுக்கு வேறு வழியில்லை. என் அலுவலகத்தில் பாதி ஆங்கிலத்தில் ஓடுகிறது, வீட்டில் தமிழ். அவள் தப்பாகப் பேசினால் கூட விளையாடும் பிள்ளைகள் அங்கேயே திருத்துவார்கள், என்னைத் திருத்த யாரும் துணிவதில்லை. அதனால்தான் திருத்தச் சொல்லி ஒருவரை நானே அமர்த்திக்கொள்ள வேண்டியிருந்தது.

மாமியார் விஷயம் தனி. அத்தை எழுத்து படிக்கவில்லை, விதி கேட்கவில்லை. தினமும் காலையில் தள்ளுவண்டிக் காய்காரரோடும் மதர் டெய்ரிக் கடைக்காரரோடும் பேசிப் பேசியே எண்கள், எடை, காய்ப் பெயர்கள், பேரம் எல்லாம் வந்துவிட்டன. சொற்களைச் சேர்ப்பதற்கு வயது பெரிய தடை இல்லை என்பதற்கு அவர்தான் என் கண்முன் சாட்சி. பால் பொருத்தம் முழுக்கத் தாறுமாறு, யாருக்கும் புரியாமல் போனதில்லை. அவருக்கும் என் காதுப் பயிற்சியைக் கொடுத்துப் பார்த்தோம், நகரவே இல்லை. அப்போதுதான் காது மருத்துவரிடம் போனோம். உச்ச சுருதி ஓசைகளில் கேட்கும் திறன் குறைந்திருந்தது. அறுபதுக்கு மேல் இது மிகச் சாதாரணம், மூச்சொலி போன்ற மெல்லிய ஓசைகள் அதில்தான் முதலில் மங்கும். வயதானவருக்குப் புது மொழி பிடிபடவில்லை என்றால் மூளையைக் குறை சொல்லும் முன்பு காதைச் சோதித்துவிடுவது நல்லது.

கடைசியாக, மகளைப் பற்றி நான் கவலைப்பட்டது இந்திக்காக இல்லை, தமிழுக்காக. சீக்கிரம் பதியும் வயது, சீக்கிரம் இழக்கும் வயதும்கூட. கிறிஸ்தோஃப் பாலியேவும் கூட்டாளிகளும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு எல்லை நிலையைக் காட்டியது. கொரியாவில் பிறந்து, 3 முதல் 8 வயதுக்குள் பிரான்ஸில் தத்துக்கொடுக்கப்பட்டவர்களைப் பெரியவர்களான பிறகு சோதித்தார்கள். கொரிய வாக்கியத்தை அவர்களால் வேறு அந்நிய மொழி வாக்கியங்களிலிருந்து பிரித்துச் சொல்ல முடியவில்லை, மூளைப் படத்திலும் தனி அடையாளம் தெரியவில்லை. அவர்களுக்குக் கொரிய மொழி காதில் விழுவதே நின்றுபோயிருந்தது. எங்கள் வீட்டில் அப்படி இல்லை. ஆனாலும் இரண்டாம் வருடத்தில் அப்பத்தா தமிழில் கேட்க, அவள் இந்தியில் பதில் சொல்ல ஆரம்பித்தாள்.

தமிழில் பேசு என்று அதட்டியதில் பயன் இல்லை. பலன் தந்தது, தமிழ் இல்லாமல் நடக்காத வேலைகளை உண்டாக்கியது. இந்தி தெரியாத சித்தி பிள்ளைகளோடு அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பு, கோடை விடுமுறை முழுவதும் மதுரை, இரவில் அப்பத்தா சொல்லும் கதையை மறுநாள் அவள் எனக்குத் திருப்பிச் சொல்வது. இப்போது ஆன்ட்டியின் பேரனுக்கு ழ-வும் ள-வும் சொல்லிக்கொடுக்கிறாள். அவனுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கிறதாம். அதனால் சித்தி, சித்தப்பா, அப்பத்தா எல்லோரிடமும் ‘பழம், பள்ளம், வாழை, வாளை’ என்று சொல்லவைத்து அவனுக்காகப் பதிவு செய்துகொண்டிருக்கிறாள்.